பதினேழு பக்கம், பதினோரு தலைப்பு

கேள்வி: சேலத்திலிருந்து வந்து ஆறு வருடமாகத் தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு வடக்கே டோங்காட்டில் இருக்கிறேன். எங்கள் கோயிலில் மழைநீர் டேங்க் வைக்க ஒரு அறக்கட்டளை 25,000 ராண்ட் கொடுத்தது. வேலை முடிந்து, கமிட்டியில் எல்லோருமாக எழுதி 17 பக்க அறிக்கை அனுப்பினோம். "எங்கள் படிவத்தில் இல்லை" என்று திருப்பிவிட்டார்கள். படிவத்தில் 11 தலைப்பு இருக்கிறது. தலைப்பையும் மாற்றக்கூடாது, வரிசையையும் மாற்றக்கூடாது, 8 பக்கத்தைத் தாண்டவும் கூடாது. கம்ப்யூட்டர் தெரியும் என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். பத்திகளை வெட்டி ஒட்டிப் பார்த்தேன், எதுவும் சேரவில்லை. முதல் நான்கு பக்கம் எங்கள் தலைவர் ஐயா எழுதியது. அவருக்கு 78 வயது. அதில் எப்படிக் கை வைப்பது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் அனுப்பிய அறிக்கை, படிவம், பட்ஜெட் மூன்றையும் படித்தேன். வேலை நன்றாகவே நடந்திருக்கிறது. ஆனால் அறிக்கையை நடந்த கதையாக எழுதியிருக்கிறீர்கள். மார்ச்சில் இது, ஆகஸ்டில் இது, நவம்பரில் இது என்று மாதக் கணக்கில் போகிறது. படிவமோ ஒவ்வொரு தலைப்பிலும் ஒரு கேள்வி கேட்கிறது. உங்கள் ஒரு பத்திக்குள் நாலைந்து கேள்விக்கான பதில் கலந்து கிடக்கிறது. பத்தியை அப்படியே தூக்கி எங்கே வைத்தாலும் பாதி பொருந்தும், பாதி துருத்திக்கொண்டு நிற்கும். அதனால் பத்தியை விட்டுவிடுங்கள். ஒவ்வொரு வாக்கியமாகப் பிரித்து நகர்த்த வேண்டும்.

எப்படி என்று உங்கள் ஒன்பதாம் பக்கத்துப் பத்தி ஒன்றை வைத்தே காட்டுகிறேன். இங்கிலீஷில் இருப்பதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்:

"ஆகஸ்டில் 5,000 லிட்டர் டேங்க் இரண்டு வந்து இறங்கின. மண் தரை தாங்காது என்று பொருத்த வந்தவர் சொன்னதால் முதலில் கான்கிரீட் மேடை போட வேண்டியதாயிற்று. அதற்கு 6,200 ராண்ட் கூடுதலாக ஆனது, மூன்று வாரமும் தள்ளிப்போனது. நவம்பரிலிருந்து 38 குடும்பங்கள் துவைக்கவும் கழுவவும் தண்ணீர் எடுக்கிறார்கள். முன்பு குழாய் நின்றால் தண்ணீர் லாரிக்கு வரிசையில் நிற்க வேண்டும், இப்போது வயதானவர்களுக்கு அந்தக் கஷ்டம் இல்லை. வாரம் ஒருமுறை இளைஞர்கள் கூரைக் குழாயைச் சுத்தம் செய்கிறார்கள்."

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. இப்போது ஒரு வாக்கியத்தில் ஒரே ஒரு செய்தி இருக்கிற மாதிரி உடைத்து, ஒவ்வொன்றின் முன்னாலும் படிவத்தின் தலைப்பு எண்ணைப் போடுங்கள். இரண்டு டேங்க் பொருத்தப்பட்டது என்பது 5, அவுட்புட், அதாவது நீங்கள் செய்து முடித்தது. மேடை கட்டிய வேலை 4, செயல்பாடுகள். 6,200 ராண்ட் 8, நிதி. மூன்று வாரத் தாமதமும் அதன் காரணமும் 9, சவால்கள். குடும்பங்கள் தண்ணீர் எடுப்பது 6, அவுட்கம், அதாவது அதனால் வந்த மாற்றம். லாரிக்கு வரிசையில் நின்ற பழைய நிலைமை 2, பின்னணி. இன்று அந்த வரிசை இல்லை என்பது மறுபடியும் 6. இளைஞர்கள் சுத்தம் செய்வது 10, திட்டம் முடிந்த பிறகு யார் பார்த்துக்கொள்வார்கள் என்ற தலைப்பு. ஆக, ஆறு வாக்கியம் உள்ள ஒரே பத்தி ஏழு தலைப்புக்குப் பிரிந்து போகிறது. நீங்கள் ஒட்டிப் பார்த்துச் சேராமல் போனது ஏன் என்று இப்போது தெரிந்திருக்கும்.

17 பக்கத்தையும் இப்படியே உடையுங்கள். கையால் என்றால் அறிக்கையை அச்செடுத்து ஓரத்தில் பென்சிலால் எண் போட்டுக்கொண்டே போகலாம். எனக்கு அதுதான் பிடிக்கும். திரையில் என்றால் இரண்டு நெடுவரிசை உள்ள அட்டவணை போதும், இடப் பக்கம் எண், வலப் பக்கம் வாக்கியம். Word-இல் அதைத் தேர்ந்தெடுத்ததும் மேலே புதிதாக வரும் Layout பகுதியில் இருக்கும் Sort-ஐ அழுத்தி OK கொடுத்தால் ஒரே எண்ணுள்ள வாக்கியங்கள் ஒன்றாக வந்து உட்கார்ந்துவிடும். ஒரு சாயங்கால வேலை. எந்த எண்ணுக்கும் வராத வாக்கியங்களுக்கு 0 போட்டு வையுங்கள். அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

எண் போடும்போது எல்லோரும் தடுமாறுகிற இடம் 5-ம் 6-ம்தான். உங்கள் அறிக்கையிலும் இரண்டும் கலந்திருக்கிறது. நான் வைத்திருக்கும் சோதனை இது: பணம் கையில் இருந்தால் கமிட்டியே செய்து முடிக்கக்கூடிய காரியமா? அப்படியானால் 5. வேறு யாராவது வந்து தங்கள் பழக்கத்தை மாற்றிக்கொண்டால்தான் நடக்குமா? அப்படியானால் 6. டேங்க் நிற்பதற்கு ஊர்க்காரர்கள் யாரும் வர வேண்டியதில்லை. அந்தத் தண்ணீரை எடுக்க 38 வீட்டிலிருந்து வாளியோடு வர வேண்டும். பயிற்சிக் கூட்டம் நடத்தியது 4, மூன்று கூட்டம் நடந்து முடிந்தது என்ற எண்ணிக்கை 5, கூட்டத்துக்கு வந்தவர்கள் வீட்டிலும் டிரம் வைத்து மழைநீர் பிடிக்க ஆரம்பித்தது 6. நீங்கள் அந்த டிரம் விஷயத்தை ஒரு புகைப்படத்துக்குக் கீழே ஒற்றை வரியில் ஒளித்து வைத்திருக்கிறீர்கள்! பணம் கொடுத்தவர் முக்கியமாகத் தேடுவது அதைத்தான்.

வரிசை விஷயத்தில் இவ்வளவு கறாராக இருக்கிறார்களே என்று கோபம் வருவது சகஜம். நானும் சில வருடம் மறுபக்கத்தில் உட்கார்ந்து அறிக்கை படித்திருக்கிறேன். படிப்பவர் கையில் அதே 11 தலைப்போடு ஒரு மதிப்பீட்டுத் தாள் இருக்கும். ஒரு நாளில் இருபது அறிக்கை முடிக்க வேண்டியவர் முதலிலிருந்து கடைசிவரை படிக்க மாட்டார். 6-ஐத் திறப்பார், பிறகு 8-ஐ, பிறகு 3-க்குத் திரும்பிப் போய் ஒப்பிடுவார். 6-இல் இருக்க வேண்டிய செய்தி உங்கள் 4-இல் இருந்தால் அவருக்கு அது இல்லாத மாதிரிதான். தேடிக் கண்டுபிடித்து மதிப்பெண் போட அவருக்கு நேரம் கிடையாது.

இதிலிருந்து இன்னொன்றும் வருகிறது. ஒவ்வொரு தலைப்பும் தன் காலிலேயே நிற்க வேண்டும். வாக்கியங்களை நகர்த்திய பிறகு "அதன் பிறகு", "மேலே சொன்னபடி", "அந்தப் பிரச்சினையால்" போன்ற தொடக்கங்கள் அநாதையாகிவிடும். உங்கள் பழைய வரிசையில் "அந்தப் பிரச்சினை" என்றால் தரை என்று புரிந்தது. 9-இல் போய் உட்கார்ந்ததும் எந்தப் பிரச்சினை என்று யாருக்கும் தெரியாது. அப்படிப்பட்ட வாக்கியத்தில் பெயர்ச்சொல்லை எழுதிவிடுங்கள்: "5,000 லிட்டர் டேங்க் நிறைந்தால் தண்ணீர் மட்டுமே 5 டன் எடை, மண் தரை அதைத் தாங்காது, அதனால் கான்கிரீட் மேடை தேவைப்பட்டது." காரணமும் வந்துவிட்டது, பாடமும் வந்துவிட்டது. விண்ணப்பத்தின்போதே தரையைச் சோதித்திருக்க வேண்டும் என்று அடுத்த வரியில் நேர்மையாக எழுதுங்கள். 9-ஆம் தலைப்பு அதற்காகத்தான் இருக்கிறது.

3-ஆம் தலைப்பு நோக்கங்கள். இதைப் புதிதாக எழுதவே எழுதாதீர்கள். அவர்கள் ஏற்றுக்கொண்ட உங்கள் விண்ணப்பத்தில் என்ன வார்த்தை இருக்கிறதோ அதை எழுத்து மாறாமல் எடுத்துப் போடுங்கள். விண்ணப்பத்தில் 50 குடும்பம் என்று இருக்கிறது. உங்கள் அறிக்கையில் யாரோ அதை "சுற்றுவட்டாரக் குடும்பங்கள்" என்று மழுப்பிவிட்டார்கள். படிப்பவர் விண்ணப்பத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் படிப்பார். 3-இல் 50, 6-இல் 38, ஏன் குறைந்தது என்று 9-இல் இரண்டு வரி. இது குற்றமில்லை. மறைத்தால்தான் கேள்வி வரும்.

38 என்ற எண்ணையும் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். அறிக்கையின் ஓரிடத்தில் "ஏறக்குறைய 50 குடும்பம்", ஒன்பதாம் பக்கத்தில் 38, ஒரு புகைப்படத்தின் கீழே "நாற்பதுக்கும் மேற்பட்டோர்". பலர் சேர்ந்து எழுதினால் இப்படித்தான் ஆகும். 17 பக்கக் கதையில் இந்த மூன்றும் தூரத் தூரமாக இருந்ததால் யார் கண்ணிலும் படவில்லை. படிவத்தில் 1, 5, 6 என்று பக்கம் பக்கமாக வரும்போது பல்லை இளித்துவிடும். தனியாக ஒரு தாளில் அறிக்கையில் வரும் எல்லா எண்களையும் எழுதி, எதிரே அது எங்கிருந்து வந்தது என்று குறியுங்கள். கோயிலில் தண்ணீர் எடுப்பவர்கள் கையெழுத்துப் போடும் நோட்டு இருக்கிறதாகச் சொன்னீர்கள். அதில் 38 என்றால் எல்லா இடத்திலும் 38. முடித்த பிறகு Ctrl+F போட்டு ஒவ்வொரு எண்ணையும் தேடிப் பார்த்தால் விட்டுப்போனது அகப்பட்டுவிடும்.

சரி, நிதிக்கு வருவோம். 8-ஆம் தலைப்பில் படிவம் கொடுத்திருக்கும் அட்டவணைக்கு நான்கு நெடுவரிசை: இனம், அனுமதித்தது, செலவானது, வித்தியாசம். உங்கள் கணக்கை அதில் போட்டுப் பார்த்தேன். டேங்குக்கு அனுமதி 13,000, செலவு 14,950. கூரைக் குழாய்க்கு 9,000, செலவு 8,350. பயிற்சிக்கு 3,000, செலவு 1,100. மேடைக்கு அனுமதி எதுவும் இல்லை, செலவு 6,200. மொத்தம் அனுமதி 25,000, செலவு 30,600. மீதி 5,600 கோயில் உண்டியலிலிருந்து கொடுத்ததாக இன்னொரு பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். அதை இங்கே கொண்டுவந்து, அட்டவணைக்குக் கீழே சொந்தப் பங்களிப்பு என்று எழுதுங்கள். இல்லையென்றால் அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள்.

டேங்கில் 1,950 கூடியதற்குக் காரணம் உங்கள் அறிக்கையில் எங்குமே இல்லை. பில்லைப் பார்த்தவுடன் தெரிந்தது. 13,000-க்கு 15 சதவீத வாட் சரியாக 1,950. விண்ணப்பத்தில் வாட் சேர்க்காத கொட்டேஷனைப் போட்டிருக்கிறீர்கள், கட்டியதோ வாட் சேர்த்து. தென்னாப்பிரிக்காவில் சின்னக் கமிட்டிகள் அடிக்கடி விழுகிற குழி இது. கோயில் வாட் பதிவு செய்யாததால் அந்தப் பணத்தைத் திரும்பக் கேட்கவும் முடியாது. இந்த இரண்டு வாக்கியத்தையும் வித்தியாசத்துக்கான விளக்கமாக எழுதினால் முடிந்தது.

குறைந்த செலவுக்கும் விளக்கம் வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது. உங்கள் படிவத்தின் அடிக்குறிப்பில் 10 சதவீதத்துக்கு மேல் எந்தப் பக்கம் போனாலும் காரணம் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். கூரைக் குழாய் 7 சதவீதம்தான் குறைவு, அதை விட்டுவிடலாம். பயிற்சி 63 சதவீதம் குறைவு. ஹாலுக்கு வாடகை கொடுக்க நினைத்து, கடைசியில் கோயில் மண்டபத்திலேயே மூன்று கூட்டத்தையும் நடத்தியதால் மிச்சமானது என்று எழுதுங்கள். அந்த மிச்சத்தை மேடைக்குத் திருப்பிவிட்டதற்கு அவர்களிடம் முன்கூட்டியே அனுமதி கேட்டீர்களா? கேட்ட ஈமெயில் இருந்தால் அதை இணைப்பில் சேருங்கள். இல்லையென்றால் அறிக்கை அனுப்புவதற்கு முன் ஒரு ஃபோன் போட்டுச் சொல்லிவிடுவது நல்லது. அறிக்கையில் முதல் தடவையாகப் பார்த்தால் அவர்களுக்குச் சங்கடம்.

7-ஆம் தலைப்பு பங்குதாரர்கள். உங்களுக்கு யாரும் இல்லை, கோயில் தனியாகச் செய்தது. காலியாக இருக்கிறதே என்று தலைப்பை நீக்கிவிடாதீர்கள். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். பல வருடம் முன்பு ஒரு பள்ளித் திட்டத்துக்கு எழுதும்போது எங்களுக்குப் பொருந்தாத தலைப்பு ஒன்றை எடுத்துவிட்டேன். கீழே இருந்த எல்லா எண்ணும் ஒன்று குறைந்து, நிதி 8-இலிருந்து 7 ஆகிவிட்டது. "உங்கள் நிதிப் பகுதியைக் காணோம்" என்று கடிதம் வந்தது. நிதி அங்கேதான் இருந்தது, ஒரு எண் தள்ளி. அதனால் "இத்திட்டத்தில் பிற அமைப்புகள் பங்கேற்கவில்லை, பணிகளைக் கோயில் கமிட்டியே செய்தது" என்று ஒரு வரி எழுதி அப்படியே விட்டுவிடுங்கள். நீட்டி முழக்க வேண்டாம்.

இப்போது கம்ப்யூட்டர் வேலை. படிவத்தை உங்கள் அறிக்கைக்குள் கொண்டுவராதீர்கள். படிவத்தின் ஒரு பிரதியைத் திறந்து அதற்குள் உங்கள் வாக்கியங்களைக் கொண்டுபோங்கள். ஒட்டும்போது வலது கிளிக் செய்து Keep Text Only என்பதைத் தேர்ந்தெடுத்தால் உங்கள் பழைய எழுத்துருவும் அளவும் கூடவே வராது. View பகுதியில் Navigation Pane-ஐ டிக் செய்து வைத்துக்கொள்ளுங்கள். இடப் பக்கம் தலைப்புகள் மட்டும் வரிசையாகத் தெரியும். அங்கே எப்போதும் 11 மட்டும்தான் இருக்க வேண்டும். பன்னிரண்டாவது ஒன்று முளைத்தால் உங்கள் பழைய தலைப்பு ஏதோ Heading 1 பாணியோடு உள்ளே புகுந்துவிட்டது என்று அர்த்தம். அதன் மேல் கர்சரை வைத்து Normal என்று மாற்றினால் எண் வரிசை தானாகச் சரியாகும். முதல் பக்கத்தில் பொருளடக்கம் இருந்தால் கடைசியாக அதன் மேல் கிளிக் செய்து F9, பிறகு Update entire table.

எட்டுப் பக்கத்தை 11-ஆல் சமமாகப் பங்கு போடாதீர்கள். 6-க்கு ஒன்றரைப் பக்கம், 4, 5, 8, 9 ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் கொடுத்துவிட்டு, மீதி இரண்டரைப் பக்கத்தை மற்ற ஆறுக்கும் பிரித்தால் போதும். 3-க்கும் 7-க்கும் கால் பக்கம் தாராளம். 11-ஆம் தலைப்பில் படங்களை ஒட்டாமல் பட்டியல் மட்டும் கொடுங்கள்: இணைப்பு 1 பில்கள், இணைப்பு 2 கையெழுத்து நோட்டு, இணைப்பு 3 படங்கள். உள்ளே படத்தைப் பற்றிப் பேச வேண்டிய இடத்தில் "இணைப்பு 3 காண்க" என்றால் போதும். உங்கள் 17 பக்கத்தில் ஐந்து பக்கம் படங்கள்தான், அது முழுக்க வெளியே போய்விடும். ஆனால் இணைப்புகள் 8 பக்கக் கணக்கில் சேருமா என்பதைப் படிவத்தின் முதல் பக்கக் குறிப்பில் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

1-ஆம் தலைப்பான சுருக்கம் முதலில் இருக்கிறதே என்று முதலில் எழுத உட்காராதீர்கள். மற்ற பத்தும் முடிந்த பிறகு 3, 6, 8, 9 நான்கிலிருந்தும் இரண்டிரண்டு வாக்கியம் எடுத்தால் அதுவே சுருக்கம். அதில் வரும் எந்த எண்ணும் பின்னால் இல்லாத எண்ணாக இருக்கக்கூடாது.

அப்புறம் ஐயாவின் நான்கு பக்கம். 1860 நவம்பரில் இந்திய ஒப்பந்தத் தொழிலாளர்களோடு ட்ரூரோ கப்பல் டர்பனில் கரை சேர்ந்ததிலிருந்து ஆரம்பித்து, கரும்புத் தோட்டம், தகரக் கொட்டகைக் கோயில், முதல் காவடி என்று போகிறது. நான் நிறுத்தாமல் படித்தேன். ஆனால் 2-ஆம் தலைப்பு கேட்கும் பின்னணி, இந்தத் திட்டம் ஏன் தேவைப்பட்டது என்பது மட்டும். அதற்கான பதில் அவருடைய நான்காம் பக்கத்தின் அடியில் இருக்கிறது. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டோங்காட் நீர் சுத்திகரிப்பு நிலையம் சேதமாகி, பல மாதம் குழாயில் தண்ணீர் வராமல், ஜனங்கள் லாரிக்காகக் காத்திருந்ததை அவர் கண்ணால் பார்த்து எழுதியிருக்கிறார். அந்தப் பத்தியை அவர் வார்த்தையிலேயே எடுத்து 2-இல் முதலாவதாக வையுங்கள். அதற்கு முன்னால், கோயில் இந்த ஊரில் எத்தனை வருடமாக இருக்கிறது என்று ஒரே ஒரு வாக்கியம்.

மீதி எல்லாம் 0 போட்ட வாக்கியங்கள். அவற்றை அழிக்க வேண்டாம், தனிக் கோப்பில் சேர்த்து வையுங்கள். பெரியவரிடம் வெட்டிவிட்டேன் என்று போய் நிற்காதீர்கள். வரப்போகிற தைப்பூசக் காவடிக்குக் கோயிலில் விழா மலர் வெளியிடுவீர்கள் அல்லவா? அந்த மூன்றரைப் பக்கத்தையும் அச்செடுத்துக்கொண்டு போய், "ஐயா, இது மலரில் உங்கள் பேரில் வரணும், இன்னும் இரண்டு பழைய போட்டோ கிடைக்குமா?" என்று கேளுங்கள்.